மேப் 20 சதவீதம் என்றால் எந்தப் பக்கம் 20 சதவீதம்?

மாதந்தோறும் தேவை முன்கணிப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கிறது; மாதந்தோறும் திரையில் ஒரே ஒரு எண்தான் பெரிதாக வந்து நிற்கிறது. முன்கணிப்பு சராசரியாக எத்தனை சதவீதம் தவறுகிறது என்று காட்டும் மேப் சென்ற மாதம் 22 சதவீதம், இந்த மாதம் 20 சதவீதம், ஆகவே முன்கணிப்பு மேம்பட்டிருக்கிறது என்று அறிவித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த 20 சதவீதம் கூடுதலாகக் கணித்ததால் வந்ததா, குறைவாகக் கணித்ததால் வந்ததா என்று கேட்டால், கூட்டத்தின் நேரத்தை வீணடிப்பதைப்போல என்னைப் பார்க்கிறார்கள். விவரம் முழு அறிக்கையில் இருக்கும் என்கிறார்கள். முழு அறிக்கையைத் திறந்தால், தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் பயாஸ் என்ற பத்தியே அதில் கிடையாது. கிடங்கில் என்ன தேங்கப்போகிறது, எது தீர்ந்துபோகப்போகிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் திட்டமிடுபவர். அவருக்கு மிகவும் தேவையான அந்தச் செய்தியை மறைத்துவிட்டு அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மேப் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தாலே கோளாறு விளங்கிவிடும். ஒவ்வொரு மாதமும் முன்கணிப்புக்கும் உண்மையான விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதன் கூட்டல் கழித்தல் குறியை நீக்கிவிட்டு, விற்பனையால் வகுத்துச் சதவீதமாக்கி, அந்தச் சதவீதங்களுக்குச் சராசரி காண்கிறோம். குறியை நீக்கிய அந்தக் கணத்திலேயே திசை தொலைந்துவிடுகிறது. பயாஸ் கணக்கில் குறியை அப்படியே வைத்துக்கொண்டு, முன்கணிப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து விற்பனையின் கூட்டுத்தொகையைக் கழித்து, விற்பனையின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். முதல் எண் நாம் சராசரியாக எவ்வளவு தூரம் தவறுகிறோம் என்று சொல்கிறது. இரண்டாவது எண் நாம் தொடர்ந்து ஒரே பக்கம் தவறுகிறோமா என்று சொல்கிறது. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒன்றைக் காட்டி மற்றதை ஊகிக்கவே முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பொருள்கள், இரண்டுக்கும் நான்கு மாத விற்பனை 100, 80, 125, 100 என்று ஒரே மாதிரி இருப்பதாகக் கொள்வோம். முதல் பொருளுக்கான முன்கணிப்பு 120, 64, 100, 120. ஒவ்வொரு மாதமும் 20 சதவீதம் தவறு, ஆகவே மேப் 20 சதவீதம். ஆனால் நான்கு மாத முன்கணிப்பின் கூட்டுத்தொகை 404, விற்பனையின் கூட்டுத்தொகை 405. பயாஸ் ஏறக்குறைய பூஜ்யம். இரண்டாவது பொருளுக்கான முன்கணிப்பு 121, 95, 150, 120. அதன் மேப்பும் 20 சதவீதம்தான். ஆனால் முன்கணிப்பின் கூட்டுத்தொகை 486. பயாஸ் கூட்டல் 20 சதவீதம். கூட்டத் திரையில் இந்த இரண்டு பொருள்களுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. கிடங்கிலோ, இடையில் யாரும் ஆர்டரைக் குறைக்காத வரை, இரண்டாவது பொருளில் 81 அலகுகள் மிஞ்சிக் கிடக்கும். முக்கால் மாத விற்பனைக்கும் மேலான சரக்கு அது.

இதைவிட மோசமானது, கணிப்பு தவறினாலும் சரக்கு தீர்ந்துபோகாமல் இருக்கக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்பில் நடக்கிறது. பல இடங்களில் பிழையின் மட்டு மதிப்புச் சராசரியை, அதாவது குறி நீக்கிய பிழைகளின் சராசரியை, 1.25 ஆல் பெருக்கி, அதைத் திட்ட விலக்கமாகக் கொண்டு பாதுகாப்பு இருப்பை நிர்ணயிக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு பொருள்களுக்கும் அந்தச் சராசரி 20.25தான், ஆகவே திட்ட விலக்கம் சுமார் 25 என்று வருகிறது. ஆர்டர் கொடுத்த பின் சரக்கு வந்துசேர ஆகும் லீட் டைம் ஒரு மாதம், சரக்கு தீர்ந்துபோகாமல் இருப்பதற்கான வாய்ப்பான சேவை நிலை 95 சதவீதம் என்று கொண்டு, அதற்குரிய 1.65 ஆல் பெருக்கினால் இரண்டுக்குமே 42 அலகுகள் பாதுகாப்பு இருப்பு வைக்கச் சொல்லும். முதல் பொருளுக்கு இது நியாயம். அதன் தேவை எந்தப் பக்கம் போகும் என்று முன்கணிப்பால் சொல்ல முடியவில்லை. இரண்டாவது பொருளில் பிழைகள் 21, 15, 25, 20 என்று ஒரே பக்கத்தில் நெருக்கமாக நிற்கின்றன. முன்கணிப்பிலிருந்து மாதம் 20ஐக் கழித்துவிட்டால் எஞ்சும் திட்ட விலக்கம் 4 அளவுதான். பாதுகாப்பு இருப்பு 7 அலகுகள் போதும். நான்கு மாதத் தரவை வைத்து இப்படி இறுதி முடிவு எடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஏற்கெனவே கூடுதலாகக் கணித்து வாங்கிய சரக்கின் மேல், அந்தக் கூடுதல் கணிப்பையே நிச்சயமின்மை என்று தவறாக எண்ணி இன்னொரு 42ஐ ஏற்றிவைக்கிறோம் என்பது தெளிவு. பிறகு சரக்கு ஏன் தேங்குகிறது என்று விளக்கம் கேட்கிறார்கள்!

பயாஸ் கழித்தல் பக்கம் இருந்தால் துன்பம் வேறு வகையில் வரும். இருபக்கமும் மாறி மாறி விழும் பிழையில் ஒரு மாதம் கரைந்த பாதுகாப்பு இருப்பு அடுத்த மாதம் ஓரளவு மீண்டுவிடும். தொடர்ந்து குறைவாகவே கணித்தால் அது மாதா மாதம் கரையும். மீள்வதற்கு வாய்ப்பே கிடைக்காது. அப்போது திட்டமிடுபவர் அவசரக் கொள்முதலுக்கு ஓடுகிறார், உற்பத்தி அட்டவணையைக் கலைக்கிறார், கடைசியில் அவருடைய திட்டமிடல்தான் சரியில்லை என்ற பேச்சையும் வாங்கிக்கொள்கிறார்.

மேப்பை மட்டும் இலக்காக வைத்து ஊக்கத்தொகையையும் அதோடு முடிச்சுப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகிறது. குறைவாகக் கணித்தால் பிழை 100 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. கூடுதலாகக் கணித்தால் அதற்கு உச்சவரம்பே இல்லை. ஒரு பொருளின் தேவை 50, 100, 150 ஆகிய மூன்றில் எதுவாகவும் சம வாய்ப்புடன் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். நேர்மையாகச் சராசரியான 100ஐக் கணித்தால் பிழைகள் முறையே 100, 0, 33 சதவீதம், மேப் 44. எப்போதும் 50 என்றே கணித்தால் பிழைகள் 0, 50, 67 சதவீதம், மேப் 39. பாதித் தேவையை மறைத்தவர் வெற்றியாளர். உள்ளதைச் சொன்னவர் தோல்வியாளர். பயாஸ் என்ற எண் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வெற்றியாளரின் கணக்கில் கழித்தல் 50 சதவீதம் என்று அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். விற்பனை மிகச் சிறிதான மாதங்களில் மேப் வானளவு உயர்வதும், விற்பனை பூஜ்யமான மாதத்தில் அதைக் கணக்கிடவே முடியாமல் போவதும் இதே வகுத்தலால் வரும் வினைகள்தான்.

பயாஸை மட்டும் பார்த்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பூஜ்யப் பயாஸ் உள்ள முதல் பொருளைப் பாருங்கள். மாதா மாதம் 20 சதவீதம் தவறியும் கூட்டுத்தொகையில் அது உத்தமமாகத் தெரிகிறது. அதேபோல் ஒரு பொருளின் மிகையை இன்னொன்றின் குறை சரிக்கட்டிவிடும் என்பதால், எல்லாப் பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட பயாஸையும் நம்ப முடியாது. அதைப் பொருள்வாரியாகத்தான் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய மென்பொருள் எதையும் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் மேப் பத்திக்குப் பக்கத்தில் பயாஸ் பத்தியைக் குறியோடு வையுங்கள். கூட்டல் என்றால் மிகைக் கணிப்பு என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள், ஏனென்றால் சிலர் விற்பனையிலிருந்து முன்கணிப்பைக் கழித்துக் குறியைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். மூன்றாவது பத்தியில், குறியோடு கூட்டிய மொத்தப் பிழையை மட்டு மதிப்புச் சராசரியால் வகுத்து வையுங்கள். அதைத்தான் டிராக்கிங் சிக்னல் என்கிறோம். கூட்டல் 4, கழித்தல் 4 என்பவை பரவலாக வைக்கப்படும் எச்சரிக்கை எல்லைகள். நம் முதல் பொருளுக்கு அது பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டாவது பொருளோ நான்கே மாதங்களில் 81ஐ 20.25 ஆல் வகுத்து 4ஐத் தொட்டுவிட்டது. முதல் பொருளுக்கு நிச்சயமின்மையை ஏற்றுப் பாதுகாப்பு இருப்பை வையுங்கள், லீட் டைமைக் குறையுங்கள். இரண்டாவது பொருளின் முன்கணிப்பை யார், எதற்காக உயர்த்திக்கொண்டே இருக்கிறார் என்று அடுத்த கூட்டத்தில் அவரை வைத்துக்கொண்டே கேளுங்கள்.