மஞ்சள் எலி மெண்டலைப் பொய்யாக்கவில்லை

"மஞ்சள் எலிகளை இணைத்தால் குட்டிகளில் மஞ்சளும் வேறு நிறமும் மெண்டல் சொன்ன 3:1 விகிதத்தில் வருவதில்லை, 2:1 தான் வருகிறது, அப்போ மெண்டல் விதியே பொய்!" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது.

கணக்கு சரி, முடிவுதான் தப்பு. அந்த மஞ்சள் ஜீன் நிறத்தில் ஓங்கியது, உயிரைப் பறிப்பதில் ஒடுங்கியது. ஒன்று இருந்தால் எலி மஞ்சளாகப் பிறந்து வாழும். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரண்டாகிவிட்டால், கருப்பையில் பதியும் கட்டத்திலேயே கரு அழிந்துவிடும். நான்கில் ஒன்று இப்படிப் போக, மிஞ்சுவது இரண்டு மஞ்சள், ஒன்று வேறு நிறம்.

மஞ்சளை வேறு நிற எலியோடு இணைத்துப் பாருங்கள், மஞ்சளும் வேறு நிறமும் சரிபாதி வரும். மஞ்சள் ஜோடிகள் ஈனும் குட்டிகளும் குறைவுதான். வில்லியம் காசில், கிளாரன்ஸ் லிட்டில் என்ற இரு மரபியல் ஆய்வாளர்கள் இதை 1910-ல் சயின்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள், மரபியல் பாடநூல்களிலும் இருக்கிறது. தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.