அணைத்த நேரம்

கலங்கரை விளக்கத்தின் கடைசிக் காவலர், விளக்கைத் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டுப் படியிறங்கும் நாளில் பதிவேட்டில் என்ன எழுதியிருப்பார்? இந்தக் கேள்வியை யார் எடுத்தாலும் அங்கே ஒரு கவிதை முளைத்துவிடுகிறது. கடலே, விடைகொடு என்று தொடங்கிக் கண்ணீரில் முடிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படி எழுதியவர் நல்ல காவலராக இருந்திருக்க மாட்டார் என்பது என் கட்சி.

நான் ஒரு துணை மின்நிலையத்தில் 29 ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன். மணிக்கொரு முறை மின்னழுத்தம், சுமை, மின்மாற்றியின் எண்ணெய் வெப்பநிலை ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கும், ஆனால் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். என் மகள் பிறந்த இரவுக்கான பக்கத்திலும் எண்ணெய் வெப்பநிலைதான் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ஸ்காட்லாந்து விளக்குக் காவலர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, முன்பின் தெரியாத ஊரில் நம் ஷிப்ட்காரர் ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

அவர்கள் எழுதியதும் இதே மாதிரிதான். விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம், காற்றின் திசையும் வேகமும், பாரமானி, வெப்பமானி. பனிமூட்டம் வந்தால் ஊதுகுழலைத் தொடங்கிய நேரமும் நிறுத்திய நேரமும். மனத்துக்கென்று அதில் ஒரு கட்டம் கிடையாது.

இதற்கு மிகக் கடுமையான சான்று ஃப்ளானன் தீவில் இருக்கிறது. லூயிஸ் தீவுக்கு மேற்கே, ஆளில்லாத பாறைக் கூட்டம் அது. விளக்கு ஏற்றப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1900 டிசம்பர் 26 அன்று, வானிலையால் ஆறு நாள் தாமதமாக ஹெஸ்பரஸ் என்ற கப்பல் மாற்று ஆளாக ஜோசப் மூரைக் கொண்டுவந்து இறக்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் டுகட், மார்ஷல், மக்ஆர்தர் என்ற மூன்று காவலர்களில் ஒருவரும் இல்லை. அடுப்பில் நெருப்பு இல்லை. ஆனால் மேலே விளக்கறையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. விளக்கு துடைக்கப்பட்டிருந்தது, எண்ணெய்க் கலம் நிறைந்திருந்தது, கண்ணாடிகளுக்குத் திரை போட்டிருந்தது.

திரையைக் கொஞ்சம் கவனியுங்கள். விளக்கைச் சுற்றியுள்ள பெரிய வில்லைகள் உள்ளிருக்கும் சுடரைக் கடலுக்கு வீசுவதற்காகச் செய்யப்பட்டவை. பகலில் திரை போடாமல் விட்டால் அதே வில்லைகள் வெயிலை உள்ளே குவித்துவிடும். பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்தி விளையாடியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. ஆகவே காலையில் விளக்கை அணைத்து, துடைத்து, எண்ணெய் நிரப்பி, திரை போட்டால்தான் ஒரு இரவின் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த மூவரும் வேலையை முடித்துவிட்டுத்தான் காணாமல் போயிருக்கிறார்கள்.

விசாரிக்க வந்த மேற்பார்வையாளர் மியூர்ஹெட்டின் அறிக்கையில் பதிவேட்டைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. டிசம்பர் 13 வரை பதிவேடு எழுதப்பட்டிருந்தது. 14ஆம் தேதி விவரங்களும், 15 அன்று விளக்கை அணைத்த நேரமும், காலை 9 மணிக்கு எடுத்த பாரமானி, வெப்பமானி அளவுகளும், காற்றின் நிலையும் ஒரு சிலேட்டில் இருந்தன. முதலில் சிலேட்டில் குறித்துக்கொண்டு, பிறகு நிதானமாகப் பதிவேட்டில் ஏற்றுவது வழக்கம். ஏற்றுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அன்றிரவு அந்தப் பக்கமாகப் போன ஒரு நீராவிக் கப்பல் விளக்கு எரியவில்லை என்று சொன்னது. மேற்குத் துறையில் அலை ஏறியடித்த சேதத்தைப் பார்த்த மியூர்ஹெட், மூவரையும் கடல் கொண்டுபோயிற்று என்று முடிவுசெய்தார்.

ஊருக்கு இது போதவில்லை. பிற்பாடு ஒரு 'பதிவேடு' உலவ ஆரம்பித்தது. மார்ஷல் எழுதியதாம். கண்டிராத புயல், டுகட் பேசவே இல்லை, மக்ஆர்தர் அழுதுகொண்டிருந்தார், எல்லோரும் பிரார்த்தனை செய்தோம் என்றெல்லாம் அதில் வருகிறது. மூலத்தைத் தேடியவர்கள் 1929ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கக் கதைப் பத்திரிகையில்தான் போய் நின்றார்கள். ஷிப்ட் பார்த்த எவனுக்கும் இந்தப் புளுகு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மூத்த காவலர் முகம் எப்படியிருந்தது என்று உதவிக் காவலர் அலுவலகப் பதிவேட்டில் எழுதுவாரா? டுகட் அதைப் படித்துக் கையெழுத்து வேறு போடுவாரா? இன்றும் அசலைவிட அந்தப் போலிதான் அதிகம் பகிரப்படுகிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

தானியங்கி என்றதும் நமக்குக் கணினி நினைவுக்கு வருகிறது. கதை அதற்கு வெகு முன்னால் தொடங்கிவிட்டது. ஸ்வீடனின் குஸ்டாஃப் டாலென் 1907 வாக்கில் 'சூரிய வால்வு' ஒன்றை வடிவமைத்தார். நடுவில் கறுப்புப் பூசிய ஒரு தண்டு, சுற்றிலும் பளபளக்கும் தண்டுகள். விடிந்ததும் கறுப்புத் தண்டு வெளிச்சத்தை வாங்கி மற்றவற்றைவிடச் சற்று நீள்கிறது. அந்த மயிரிழை நீட்சி வாயு வரும் வழியை அடைக்க, சுடர் அணைகிறது. இருட்டினால் தண்டு சுருங்கி வழி திறக்கிறது. இதற்காக 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தியில் ஏற்று, விடியலில் அணை என்ற காவலரின் தலையாய கடமையை ஓர் உலோகத் தண்டு செய்ய முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஃப்ளானனிலிருந்து 1971இல் காவலர்களை எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் கடைசியாக ஆள் இருந்தது ஃபேர் ஐல் தீவின் தெற்கு விளக்கில். அங்கே 1998 மார்ச் 31 அன்று காவலர் பணி முடிந்தது.

அந்த விளக்கின் பெயர் வரும்போது எனக்கு 1942 ஜனவரிதான் நினைவுக்கு வரும். ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் அங்கே காவலர் குடும்பத்துப் பெண் ஒருவரும் அவருடைய சிறு மகளும் இறந்தார்கள். அதே தீவின் வடக்கு விளக்கில் உதவிக் காவலராக இருந்த ரோடெரிக் மக்காலே, பனிக்குவியலுக்குள் நடந்துவந்து, இருட்டுவதற்குள் தெற்கு விளக்கைச் சரிசெய்ய உதவினார். பிறகு அதே இரவில் திரும்பி நடந்தார். அவருடைய முறைக்காவல் அங்கே இருந்தது.

ஆட்களை எடுத்தது அநியாயம் என்று நான் வாதாடப் போவதில்லை. அலை ஏறும் பாறையில் மூன்று பேரை உட்கார்த்தி வைக்காமல் ஒரு விளக்கு எரியுமானால் அது நல்லதுதான். கருவியும் குறிப்பு எடுக்கிறது, பழுதானால் எடின்பரோவில் இருக்கும் கண்காணிப்பு அறைக்குத் தகவல் போகிறது. தூக்கக் கலக்கத்தில் 3ஐ 8 என்று எழுதிவிட்டு மறுநாள் திட்டு வாங்கியவன் நான். கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனாலும் அந்தக் கடைசிப் பக்கத்தை நான் பலமுறை மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். எந்த விளக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாம், முழுக்க என் கற்பனை. காலை வேலை முடிந்து திரை போட்டாகிவிட்டது. அன்று மாலை விளக்கு தானாக எரியும். காவலர் பேனாவை எடுக்கிறார்.

'காற்று தென்மேற்கு, வேகம் 5. பாரமானி மெல்ல இறங்குகிறது. தெளிவான பார்வை. விளக்கு அணைத்த நேரம் காலை 6.42. வில்லைகள் துடைக்கப்பட்டன. திரை போடப்பட்டது.'

அதற்குக் கீழே, ஏற்றிய நேரத்துக்கான கட்டத்தை அவர் அடித்துவிட மாட்டார் என்று நினைக்கிறேன். காலியாக விட்டுவிட்டுப் பதிவேட்டை மூடுவார்.