கறுப்புப் பட்டையை வெட்டுங்கள், காவடியை வெட்டாதீர்கள்

கிளிநொச்சியில் காணொளித் தொகுப்பு வேலை செய்கிற எனக்கு வாரம் தவறாமல் வரும் கோரிக்கை இது: "தம்பி, இந்தக் கறுப்பை எடுத்துவிட்டுத் திரை முழுக்க நிறைகிற மாதிரிச் செய்து தாருங்கள்." இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கறுப்பை எடுப்பது நல்ல வேலை. திரையை நிறைப்பது பெரும்பாலும் படத்துக்குச் செய்யும் கொடுமை. இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

அண்மையில் ஒரு குடும்பம் தகப்பனின் ஆண்டுத்திவசத்துக்காக ஒரு துண்டுக் காணொளியைக் கொண்டுவந்தது. வற்றாப்பளைப் பொங்கலில் அவர் காவடி எடுத்து ஆடிய பழைய வீடியோ. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்கள் அவர்கள். அந்த நாடாவின் ஒரு பிரதி மட்டும் வெளிநாட்டு உறவினரிடம் தப்பியிருந்தது. அவர் அதை முகநூலில் ஏற்ற, மகன் கைபேசியைக் குத்தாகப் பிடித்தபடியே திரைப்பதிவு செய்திருந்தார்.

அந்தக் கோப்பின் அளவு 1080க்கு 2400. பழைய நாடாவின் படம் 4:3. ஏற்றியவர் அதை 16:9 சட்டத்துக்குள் வைத்ததால் இரு பக்கமும் கறுப்பு. அந்த அகலச் சட்டம் குத்தான திரைக்குள் உட்கார்ந்ததால் மேலும் கீழும் கறுப்பு. கணக்குப் போட்டால், நடுவில் சட்டத்துக்குக் கிடைத்தது 1080க்கு 608. அதற்குள் உண்மையான படம் 810க்கு 608 மட்டுமே. கோப்பில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் கறுப்பு.

கறுப்பின் எல்லையைக் கண்டுபிடிக்க ffmpeg என்ற காணொளி மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு:

```
ffmpeg -ss 30 -i in.mp4 -t 20 -vf cropdetect=limit=24:round=2 -f null -
```

படத்தின் அகலம், உயரம், இடப்பக்கத் தூரம், மேல்பக்கத் தூரம் என நான்கு எண்களை இது சொல்லும். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. திரைப்பதிவின் மேல்மூலையில் மணிக்கூடும் பற்றரிக் குறியும் வெள்ளையாகத் தெரிந்தால், படம் அங்கேயே தொடங்குகிறது என்று எண்ணிவிடும். இரவுக் காட்சியில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: இருட்டான ஓரத்தையும் பட்டையென்று கணக்கிட்டுப் படத்தையே வெட்டச் சொல்லும். ஆகவே வெளிச்சமான ஓர் இடத்தில் காணொளியை நிறுத்தி, ஓரங்களைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் கறுப்பும் படமும் கலந்து மங்கலாக இருக்கும். அதையும் சேர்த்து உள்ளே தள்ளி வெட்டுவேன். எண்கள் எல்லாம் இரட்டைப்படையாக இருக்கட்டும்:

```
ffmpeg -i in.mp4 -vf "crop=808:604:136:898" -crf 18 -c:a copy out.mp4
```

இத்துடன் கறுப்பு போய்விட்டது. மண்டபத்தின் அகலத் திரையில் போட்டால் உயரத்துக்கு ஏற்ப அதுவே பெரிதாகும். பக்கங்களில் மட்டும் கறுப்பு தெரியும். 4:3 படம் 16:9 திரைக்குள் இருந்தால் அப்படித்தான் தெரியும்.

அந்தக் கறுப்பும் வேண்டாம் என்றால் இரண்டே வழி. ஒன்று, இழுப்பது: எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகன்று, மெலிந்த மனிதர் குண்டாகிவிடுவார். பெற்ற பிள்ளைகள் பார்க்கிற முகத்தை அப்படிக் கெடுக்க எனக்கு மனம் வராது. மற்றது, பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டுவது. உயரத்தில் கால்வாசி போய்விடும். மேலே வெட்டினால் மயிலிறகு செருகிய காவடியின் வளைவு இல்லை. கீழே வெட்டினால் ஆடுகிற பாதங்கள் இல்லை. காவடியாட்டத்தில் இவை இரண்டும் போனால் மிஞ்சுவது என்ன? மகனிடம் இரண்டையும் செய்தே காட்டினேன். வெட்டாத படத்தையே அவர் கேட்டு வாங்கினார்.

தெளிவு கூட வேண்டுமென்றால் அதற்குரிய இடம் வெட்டும் மேசை அல்ல, பதிவு செய்யும் கை. அதே கைபேசியைக் கிடையாகத் திருப்பி, காணொளியை முழுத்திரையாக்கி, அறிவிப்புகளை நிறுத்திப் பதிவு செய்தால் திரை 2400க்கு 1080. உள்ளே இருக்கும் படம் 1440க்கு 1080. முன்னையதைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட பிக்சல்கள். முகநூலில் ஏறிய பிரதியே மங்கலாக இருந்தால் இதனாலும் புதிய நுணுக்கம் பிறக்காது. ஆனால் இருப்பதைப் பாதி வழியில் தொலைக்க மாட்டோம். மகன் அப்படியே மறுபடி பதிவு செய்து வந்தார். வெட்ட வேண்டிய எண்கள் crop=1440:1080:480:0.

இதையும்விட நல்லது மூலக் கோப்பு. வெளிநாட்டில் உள்ளவரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.