சோலாருக்கு நிலம் கொடுக்கும் முன்: வாடகையை விட்டுவிட்டு கேவியட்டைப் பாருங்கள்

பட்டர்வொர்த்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நில ஆவணங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. போன மாதம் பெடோங்கிலிருந்து என் மாமா ஓர் ஒப்பந்த நகலோடு வந்தார். 18 ஏக்கர் பழைய ரப்பர் நிலம். சோலார் கம்பெனிக்காரர்கள் ஏக்கருக்கு வருடம் 4,000 ரிங்கிட் தருகிறோம் என்றார்களாம். வருடத்துக்கு 72,000. “கையெழுத்துப் போட்டுடலாமாய்யா?” என்றார். “போடாதீங்க மாமா, முதல்ல படிச்சுப் பார்த்துடறேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அது குத்தகை ஒப்பந்தமே இல்லை. குத்தகை எடுக்கும் உரிமையைக் கம்பெனிக்குப் பிடித்து வைக்கும் ‘ஆப்ஷன்’ ஒப்பந்தம். பெரிய சோலார் திட்டங்களுக்கு எரிசக்தி ஆணையம் 2016 முதல் டெண்டர் விட்டுத்தான் கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கிறது. டெண்டரில் நுழைய நிலம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதற்காகப் பல இடங்களில் நிலம் பிடித்து வைப்பார்கள். டெண்டர் கிடைக்காவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். கட்டுப்பட்டு நிற்பது நம் நிலம்தான்.

மாமாவின் நகலில் ஆப்ஷன் 24 மாதம், கம்பெனி விரும்பினால் இன்னும் 12 மாதம். அதற்கு மொத்தமாக 1,000 ரிங்கிட். அந்தக் காலத்தில் மறுநடவு செய்யக்கூடாது. வாடகையோ ‘வணிக உற்பத்தி தொடங்கும் நாள்’ முதல்தான். கட்டி முடிக்க இரண்டு வருடம் என்று வையுங்கள். ஆக ஐந்து வருடம் வாடகை கிடையாது, ரப்பரும் கிடையாது. அந்த 72,000 கண்ணில் படும்போது இதெல்லாம் யாருக்கும் தெரிவதில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு ஒரு வரி. நிலப் பட்டாவான கிராண்ட்டின் மேல் கம்பெனி தனியார் கேவியட், அதாவது உரிமை கோரும் தடைப் பதிவு, போட மாமா சம்மதிக்கிறார் என்று இருந்தது. கேவியட் விழுந்துவிட்டால் நிலத்தை விற்க முடியாது, பேங்கில் வைக்கவும் முடியாது. தேசிய நிலச் சட்டப்படி தனியார் கேவியட்டின் ஆயுள் ஆறு வருடம். ஆப்ஷன் மூன்று வருடத்தில் முடிந்தாலும் கேவியட் தானாகக் கழன்றுவிடாது. கம்பெனி எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாம் செலவு செய்து எடுக்க நடையாய் நடக்க வேண்டும். கம்பெனியையே மூடிவிட்டுப் போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இப்படிச் சிக்கிய ஒரு குடும்பத்தின் கோப்பை நானே கையில் வைத்து அலைந்திருக்கிறேன்.

இதற்கு வழி உண்டு. கேவியட் போட்டவரே அதைத் திரும்பப் பெறுவது 19G பாரத்தில். கம்பெனி கையெழுத்திட்ட 19G-ஐ ஆப்ஷன் போடும் அன்றே நம் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும், ஆப்ஷன் காலாவதியானால் அவரே பதிவு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நேர்மையான கம்பெனி இதற்கு மறுக்காது. மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்தது நில வகை மாற்றம். விவசாய நிலத்தில் சோலார் வைக்க வகையை மாற்ற வேண்டி வரும். மனு உரிமையாளர் பெயரில் போகும். மாற்றத்துக்கான பிரீமியம், ஏறும் நிலவரி இரண்டும் சட்டப்படி நம் தலையில் விழுபவை. அனுமதி இல்லாமல் வேலை ஆரம்பித்தாலும் நில அலுவலகம் கேட்பது கிராண்ட்டில் பெயர் உள்ளவரைத்தான். அதனால் கம்பெனி இத்தனையையும் கட்டும் என்று இருக்க வேண்டும். டெண்டர் கிடைப்பதற்கு முன்னால் வகையை மாற்றவே கூடாது. மனுப் போட அவர்கள் கேட்கும் அதிகாரப் பத்திரத்தையும் நன்றாகப் படியுங்கள். மாமாவுடையதில் ‘நிலத்தை அடமானம் வைக்க’ என்று ஒரு சொல் நடுவில் உட்கார்ந்திருந்தது. கம்பெனி தன் குத்தகை உரிமையைப் பேங்கில் வைத்துக்கொள்ளட்டும், கிராண்ட்டை வைக்கக் கூடாது. அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தேன்.

மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். குத்தகை முடியும்போது என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 18 ஏக்கரில் ஆயிரக்கணக்கான இரும்புத் தூண்கள் ஆழமாக அடிக்கப்பட்டிருக்கும். மண்ணுக்குள் கேபிள், அங்கங்கே கான்கிரீட் மேடை. ‘நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்’ என்ற ஒரு வரி போதாது. தூணை அறுத்துவிட்டு அடியை மண்ணிலேயே விட்டால் பிறகு டிராக்டர் இறங்காது. தூணை முழுதாகப் பிடுங்கி, கேபிளை எடுத்து, இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவரை வாடகை ஓடும் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் இந்தத் திட்டத்துக்காகவே பதிவான சின்ன கம்பெனி. கடைசியில் அதனிடம் பணம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் பேங்க் உத்தரவாதம் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்டோம். ஆப்ஷனை 12 மாதமாகக் குறைத்தார்கள். நிலம் ஒப்படைக்கும் நாள் முதல் பாதி வாடகை என்று ஒத்துக்கொண்டார்கள். பேங்க் உத்தரவாதத்தை முதல் வருடமே தர மாட்டோம் என்றார்கள், பேசிப் பேசி 11-ஆம் வருடத்திலிருந்து என்று முடிந்தது. 19G இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இந்த வாரமே நில அலுவலகத்தில் கிராண்ட்டின் மேல் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒரு சர்ச் எடுத்துப் பாருங்கள். கேவியட் இருந்தால் எந்தத் தேதியில் விழுந்தது என்று குறித்துக்கொண்டு உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.