மொட்டைக் கத்தி பாதுகாப்பில்லை

"புதுசா சமைக்கிறவங்களுக்கு மொட்டைக் கத்திதான் நல்லது, கையை வெட்டாது."

அதுதான் அதிகம் வெட்டும். நுவரெலியா கரட் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். மழுங்கிய கத்தி இறங்காது, அழுத்துவோம், கரட் உருளும், கத்தி விரலுக்கு வழுக்கும். முதலில் ஒரு பக்கம் மெல்லிசாகச் சீவி, அந்தத் தட்டைப் பக்கத்தைக் கீழே வையுங்கள். பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கினால் கத்தியின் தட்டைப் பக்கம் விரல் மூட்டில்தான் உரசும்.

பீங்கான் கோப்பையின் அடியில் கத்தியைத் தீட்டலாம் என்று ஒரு அக்கா சொன்னது பாதி சரி. பூச்சில்லாத சொரசொரப்பான வளையத்தில், 20 பாகை அளவு சாய்த்து, இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் கூர் ஓரளவு திரும்பும். வாய் உடைந்த கத்திக்குச் சாணைக்கல்தான் வேண்டும். தக்காளித் தோலில் அழுத்தாமலே இறங்கினால் சரி.

கத்தியை லாச்சியில் கரண்டிகளோடு போட்டால் அந்தக் கூர் நிற்காது, தேடுகிற கையும் வெட்டுப்படும். மட்டையை மடித்து உறை போடுங்கள்.