வெந்த வெங்காயமும் நாய்க்கு ஆகாது

“வெங்காயம் பச்சையாகத் தின்றால்தான் நாய்க்குக் கெடுதல், தீயல் குழம்பில் வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது.”

இல்லை. வேகவைத்தாலும் வறுத்தாலும் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் போவதில்லை. அவை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாயின் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் ஆபத்து. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் வளர்க்கும் 10 கிலோ நாட்டு நாய்க்கு அது வெறும் 50 கிராம். உள்ளித் தீயல் மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து போட்டால் அந்த அளவு தாராளமாக வந்துவிடும்.

ஏமாற்றுவது இதன் தாமதம்தான். அன்று வாந்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்று நாலு நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், நாய் சுருண்டு படுக்கும். அதற்குள் தீயலை எல்லாரும் மறந்திருப்போம்.

வருஷக்கணக்கில் என் நாய்க்கு மீன்குழம்புச் சோறு போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிய அண்ணாச்சி, உங்கள் நாய் பெரிதாக இருக்கலாம், வெங்காயம் குறைவாக விழுந்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் ரத்தம் குறையும். ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அப்புறம், உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகிவிடும். தின்று ஓரிரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் போனால் அவரே ஊசி போட்டு வெளியே எடுத்துவிடுவார்.