80% பங்கு வாங்கினால் 80% சொத்தை மட்டும் சேர்ப்பதா?

“துணை நிறுவனத்தில் 80% பங்குதான் இருக்கிறதா? அதன் சொத்து, கடனில் 80% மட்டும் சேர்த்தால் போதும். இதை எல்லோருக்கும் பகிருங்கள்!”

தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் சேர்ந்த ஒருங்கிணைந்த கணக்கைப் பற்றிப் பகிரப்படும் இந்தச் செய்தி தவறு. கட்டுப்பாடு கைக்கு வந்துவிட்டால் துணை நிறுவனத்தின் சொத்து, கடன் எல்லாவற்றையும் முழுதாக, இனம் இனமாகச் சேர்க்க வேண்டும். வெளியாருக்குரிய 20%, ஈக்விட்டி பகுதிக்குள் சிறுபான்மையினர் உரிமை என்று தனியாக வரும். சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 10, பத்தி 22-இல் இதைப் பார்க்கலாம்.

ஒரு கணக்கு. 80% பங்கின் விலை 500. வாங்கும் நாளில் நியாய மதிப்பில் சொத்து 700, கடன் 150, நிகரம் 550. அதில் 20%, அதாவது 110, சிறுபான்மையினர் உரிமை. 500-உடன் 110-ஐக் கூட்டி 550-ஐக் கழித்தால், நிகர மதிப்பைத் தாண்டிய தொகையான குட்வில் 60. சூத்திரம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 3, பத்தி 32-இல் இருக்கிறது. சிறுபான்மையினர் உரிமையை நியாய மதிப்பிலும் அளக்கலாம். அது 120 என்றால் குட்வில் 70.

சரி, பகிரப்படும் முறையில் போட்டால்? சொத்து 560, கடன் 120, நிகரம் 440. குட்வில் அதே 60! இருப்புநிலைக் குறிப்பும் சமமாகிவிடும். அதனால்தான் பிழை சட்டென்று தெரிவதில்லை. ஆனால் சொத்தில் 140, கடனில் 30 காணாமல் போயிருக்கும். சிறுபான்மையினர் உரிமை என்ற வரியே இல்லையென்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை நம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இனி பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.